பொட்டலப் பிடிப்பும் ஸ்விட்ச்சின் எல்லையும்

ஒரு கணினி, தன் வலையமைப்பு அட்டையை வந்தடையும் தரவுகளையும் அதிலிருந்து வெளியேறும் தரவுகளையும் நகலெடுத்துப் பதிவு செய்வது பொட்டலப் பிடிப்பு எனப்படும். ஈதர்நெட் வலையமைப்பில் ஒவ்வொரு பொட்டலமும் சட்டகம் என்னும் உறையில் இடப்பட்டு அனுப்பப்படுகிறது. அதன் தொடக்கத்தில் பெறுநரின் மேக் முகவரியும், அடுத்து அனுப்புநரின் மேக் முகவரியும் அமைந்திருக்கும்.

தன்னை வந்தடையும் சட்டகம் பிறிதொரு கணினிக்கு உரியதெனில், வலையமைப்பு அட்டை அதனைப் புறக்கணித்துவிடும். இவ்வடிகட்டலை நீக்கி, வந்தடையும் அனைத்தையும் ஏற்குமாறு அட்டையை அமைப்பதே ப்ராமிஸ்குவஸ் நிலை ஆகும். வந்தடையாத சட்டகத்தை இந்நிலையால் வரவழைக்க இயலாது.

முற்காலத்தில் பயன்பட்ட ஹப், ஓர் இணைப்பில் பெற்ற சமிக்ஞையை மற்றெல்லா இணைப்புகளுக்கும் அனுப்பியது. எனவே, எந்தக் கணினியும் பிறரது சட்டகங்களைக் காண முடிந்தது. ஸ்விட்ச் அவ்வாறன்று. எந்த மேக் முகவரி எந்த இணைப்பில் உள்ளது என்பதை, வரும் சட்டகங்களின் அனுப்புநர் முகவரியிலிருந்து அறிந்து அட்டவணையில் குறித்துக்கொள்கிறது.

எடுத்துக்காட்டாக, ஒரு ஸ்விட்ச்சின் 1, 2, 3 ஆகிய இணைப்புகளில் முறையே அ, ஆ, இ என்னும் கணினிகள் உள்ளன எனக் கொள்வோம். இ-யில் பின்வரும் கட்டளை இயக்கப்படுகிறது. டிசிபிடம்ப் நிரல் இயல்பாகவே ப்ராமிஸ்குவஸ் நிலையைக் கோரும்.

```
sudo tcpdump -t -n -i eth0 arp or icmp
```

இப்போது அ, ஆ-வுக்குப் பிங் அனுப்புகிறது. ஆ-வின் மேக் முகவரியை அறியாததால், முதலில் அனைவருக்குமான ஏஆர்பி வினாவை விடுக்கிறது. அதனை ஸ்விட்ச் மற்றெல்லா இணைப்புகளுக்கும் அனுப்புவதால், இ-யின் திரையில் ஒரு வரி தோன்றும்.

```
ARP, Request who-has 192.168.1.20 tell 192.168.1.10, length 46
```

ஆ அளிக்கும் விடை அ-வுக்கு மட்டுமே உரியது. அ முதலாம் இணைப்பில் உள்ளதென ஸ்விட்ச் முன்னரே அறிந்துள்ளதால், விடை அங்கு மட்டுமே செல்கிறது. அவ்விடையிலிருந்து ஆ-வின் இருப்பிடமும் பதிவாகிறது. பின்னர் வரும் பிங் சட்டகங்கள் 1, 2 ஆகிய இணைப்புகளுக்கிடையே மட்டுமே செல்கின்றன. அவற்றுள் ஒன்றும் இ-யை அடைவதில்லை.

இ-யின் பதிவை மட்டும் நோக்குவோர், ஆ விடையளிக்கவில்லை எனத் தவறாக முடிவு செய்யக்கூடும். ஏஆர்பி வினாக்கள் தோன்றி, விடைகள் ஒருபோதும் தோன்றாதிருப்பின், குறை ஆ-வில் உள்ளதா, பிடிக்கும் இடத்தில் உள்ளதா என்பதை முதலில் ஆராய வேண்டும். அ-விலேயே பிடித்துப் பார்ப்பது எளிய வழியாகும். மேலாண்மை வசதியுள்ள ஸ்விட்ச்சாயின், முதலாம் இணைப்பின் சட்டகங்களை மூன்றாம் இணைப்புக்கு நகலெடுத்து அனுப்புமாறு அமைக்கலாம். இது போர்ட் மிர்ரரிங் எனப்படும்.

எனினும், ஸ்விட்ச்சைப் பாதுகாப்பு அரணாகக் கருதலாகாது. பெறுநரின் முகவரி அட்டவணையில் இல்லாதபோது, அது சட்டகத்தை மற்றெல்லா இணைப்புகளுக்கும் அனுப்பிவிடும். பொய்யான முகவரிகளால் அட்டவணையை நிரப்பி, இந்நிலையை வேண்டுமென்றே உருவாக்கவும் இயலும். ஆகவே, மறைக்க வேண்டிய தரவை மறைகுறியாக்கம் செய்தே அனுப்புதல் வேண்டும்.