பெரியாஸ்பத்திரிக்குப் போகும் கடிதம்

"சாலை விபத்து. நெஞ்சில் அடி, இடுப்பு எலும்பு முறிவு, தலைக்காயம் இருக்கலாம். முதலுதவி அளிக்கப்பட்டது. பி.பி. 104/64. மேல்சிகிச்சைக்கு அனுப்பப்படுகிறது."

மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஒன்றின் விபத்துப் பிரிவில் இரவுப் பணி பார்த்த காலத்தில் இப்படிப்பட்ட கடிதங்கள் என் கைக்கு எத்தனையோ வந்திருக்கின்றன. பெரும்பாலும் நோயாளியின் அண்ணனோ மச்சானோ மடித்துச் சட்டைப் பையில் வைத்துக் கொண்டுவருவார். வியர்வையில் நனைந்திருக்கும். எழுதிய மருத்துவர் எதையும் பொய்யாக எழுதியிருக்க மாட்டார். ஆனாலும் அந்தத் தாளை நம்பி ஒரு முடிவும் எடுக்க முடியாது. அது ஏன் என்று விளங்க, அந்த நோயாளியோடு மாவட்டத் தலைமை மருத்துவமனையில் ஒரு மணி நேரம் இருந்து பார்க்க வேண்டும். இங்கே நான் சொல்லும் நோயாளி, பல இரவுகளில் பார்த்த பலரைச் சேர்த்து உருவாக்கிய ஒருவர்.

வயது 34. பைக்கில் வந்தவர்மேல் எதிரே வந்த வேன் மோதுகிறது. நேரம் இரவு 8.10. 108 வண்டியில் 8.42க்கு வந்து சேர்கிறார். கூப்பிட்டால் கண் திறக்கிறார், குழறிப் பேசுகிறார், கையைத் தூக்கச் சொன்னால் தூக்குகிறார். மூச்சு வாங்குகிறது. நாடித்துடிப்பு 134, ரத்த அழுத்தம் 84/50, ரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவு 86. வலப்பக்க நெஞ்சில் ஸ்டெத்தை வைத்தால் மூச்சுச் சத்தமே இல்லை. விலா எலும்பு உடைந்து நுரையீரலைக் கிழித்திருக்கிறது. கசிந்த காற்று நெஞ்சுக்கூட்டுக்குள் அடைபட்டு நுரையீரலை அமுக்குகிறது.

8.50க்கு டூட்டி டாக்டர் நெஞ்சில் துளையிட்டுக் குழாய் வைக்கிறார். காற்று பீறிட்டு வெளியேற, ஆக்ஸிஜன் அளவு 95க்கு ஏறுகிறது. இடுப்பைத் தொட்டாலே நோயாளி அலறுகிறார். ஒரு போர்வையை நீளவாக்கில் மடித்து, இடுப்புக்குச் சற்றுக் கீழே தொடை எலும்பு புடைத்திருக்கும் மட்டத்தில் சுற்றி இறுக்கிக் கட்டுகிறார்கள். உடைந்த இடுப்பு வளையம் விரிந்துகிடந்தால் உள்ளே ரத்தம் தேங்க இடம் கூடிக்கொண்டே போகும். கட்டு அதைச் சுருக்குகிறது. இரண்டு கையிலும் பெரிய ஊசி போட்டு, முதலில் ரத்த மாதிரி எடுத்துவிட்டு, சலைனும் அதன் பிறகு ஒரு யூனிட் ரத்தமும் ஏற்றுகிறார்கள். ரத்தக்கசிவைக் குறைக்கும் டிரனெக்ஸாமிக் அமிலம் ஒரு கிராம், 8.58க்குத் தொடங்கிப் பத்து நிமிடத்தில் செலுத்தப்படுகிறது.

9.10க்கு ரத்த அழுத்தம் 104/64, நாடி 112. வெளியே நிற்கும் மனைவியிடம், "கொஞ்சம் பரவாயில்லம்மா" என்கிறார் நர்ஸ். 9.25க்கு மறுபடி 88/54, நாடி 130. வயிற்றில் ஸ்கேன் கருவியை வைத்துப் பார்த்தால் ரத்தம் தேங்கியிருப்பதாகத் தெரியவில்லை. எக்ஸ்ரேயில் இடுப்பு வளையம் முன்னும் பின்னும் உடைந்திருக்கிறது.

அந்த நான்கு வரிக் கடிதத்துக்கு இப்போது திரும்புவோம். அதில் இருந்த 104/64 உண்மையாகவே அளந்த எண்தான். ஆனால் அன்றிரவு பார்த்த எண்களிலேயே மிகவும் ஏமாற்றக்கூடியது அதுதான். 84, 104, 88 என்று மூன்றையும் வரிசையாக, நேரத்தோடு படித்தால் எந்த மருத்துவரும் நிமிர்ந்து உட்காருவார். ரத்தம் ஏற்றியதும் தேறி, கால் மணி நேரத்தில் திரும்பச் சரிகிறவருக்கு உள்ளே குழாய் இன்னும் திறந்துதான் இருக்கிறது. ஊற்றுவதைவிட வேகமாக வெளியேறுகிறது. நோயாளி அன்ஸ்டேபிள் என்று நாங்கள் சொல்வது ஒரு குறைந்த எண்ணை வைத்தல்ல, இந்த இறக்கத்தை வைத்துத்தான். கடிதத்தில் 104/64 மட்டும் இருந்தால் அவரைச் சி.டி. ஸ்கேன் வரிசையில் நிறுத்துவார்கள். மூன்று எண்ணும் இருந்தால், வண்டி வந்து நிற்கும்போதே, கசியும் ரத்தக்குழாயை அடைக்கவோ இடுப்புக்குள் துணி வைத்து அமுக்கவோ ஆட்களும் அரங்கும் தயாராக இருப்பார்கள்.

அந்த வசதிகள் பல மாவட்ட மருத்துவமனைகளில் இல்லை. இந்த நோயாளியை அனுப்புவதற்கான காரணமே அதுதான். ஒருவேளை வயிற்றுக்குள் ரத்தம் தெரிந்து, அங்கேயே அறுவை மருத்துவரும் மயக்க மருத்துவரும் இருந்திருந்தால், வயிற்றைத் திறந்து ரத்தத்தை நிறுத்திய பிறகுதான் அனுப்ப வேண்டும். அதனால் கடிதத்தில் "மேல்சிகிச்சைக்கு" என்று எழுதினால் போதாது. "இடுப்பு எலும்பு முறிவிலிருந்து ரத்தக்கசிவு தொடர்கிறது, அதை நிறுத்தும் வசதி இங்கே இல்லை" என்று எழுத வேண்டும். போகிற இடத்தில் முதல் வேலை எது என்பதை அந்த ஒரு வரி சொல்லிவிடும்.

ஸ்கேன் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். "தலைக்கு சி.டி. எடுத்துட்டு அனுப்புங்க சார்" என்று உறவினர்கள் கேட்பது உண்டு. அனுப்பும் மருத்துவரும் வெறுங்கையோடு அனுப்பத் தயங்குவார். ஆனால் அனுப்புவது என்று முடிவான பிறகு, அங்கே செய்யப்போகும் எதையும் மாற்றாத ஸ்கேனுக்காகக் காத்திருக்கும் அரை மணி நேரம், இவரைப் போன்றவருக்கு ரத்தமாகத்தான் கழியும். எடுக்கவில்லை என்றால் எடுக்கவில்லை என்று எழுதினால் போதும்.

9.30க்குப் புதிய சிக்கல். நோயாளியின் நினைவு மங்குகிறது. நினைவை அளக்க ஜி.சி.எஸ். என்ற கணக்கு உண்டு. கண் திறப்பதற்கு 4, பேச்சுக்கு 5, உடல் அசைவுக்கு 6, ஆக மொத்தம் 15. வந்தபோது இவருக்குக் கண் 3, பேச்சு 4, அசைவு 6, மொத்தம் 13. இப்போது 2, 2, 4 என்று 8க்கு இறங்கிவிட்டார். எட்டுக்கு வந்துவிட்டால் தொண்டை வழியாக மூச்சுக்குழாயில் டியூப் போடாமல் வண்டியில் ஏற்றுவது ஆபத்து. 9.35க்கு மயக்க மருந்தும் தசைகளைத் தளர்த்தும் மருந்தும் கொடுத்து டியூப் போடுகிறார்கள்.

அந்த நிமிடத்திலிருந்து நோயாளி கண் திறக்க மாட்டார், பேச மாட்டார், கை கால் அசைக்க மாட்டார். பெரியாஸ்பத்திரியில் அவரைப் பார்ப்பவருக்கு இது மூளையில் அடிபட்டதாலா, முதுகுத்தண்டு பாதித்ததாலா, மருந்தாலா என்று கண்டுபிடிக்க வழியே இல்லை. பதில் கடிதத்தில் மட்டும்தான் இருக்கிறது. மருந்து கொடுக்கும் முன் ஜி.சி.எஸ். எத்தனை, கண்மணிகள் இரண்டும் சமமாக இருந்தனவா, நான்கு கை கால்களும் அசைந்தனவா, எந்த மருந்து எத்தனை மணிக்குக் கொடுத்தார்கள். இந்த நான்கும் எழுதப்படாமல் வந்த நோயாளிகளின் கட்டிலருகே நின்று, அனுப்பிய மருத்துவமனைக்கு நள்ளிரவில் போன் போட்டிருக்கிறேன். மணி அடித்துக்கொண்டே இருக்கும். எழுதிய டாக்டர் அடுத்த விபத்தில் இருப்பார்.

டிரனெக்ஸாமிக் அமிலத்துக்கும் நேரம்தான் எல்லாம். 2010இல் வெளிவந்த கிராஷ்-2 என்ற பெரிய பன்னாட்டு ஆய்வுக்குப் பிறகு உலகெங்கும் விபத்துப் பிரிவுகளில் அது இடம்பிடித்தது. விபத்து நடந்து மூன்று மணி நேரத்துக்குள் தொடங்கினால் உயிர் காக்கிறது. அதைத் தாண்டித் தொடங்கினால் கெடுதலாகக்கூட முடியலாம் என்று அதே ஆய்வின் தரவுகள் காட்டின. முதல் கிராமுக்குப் பிறகு இன்னொரு கிராம், எட்டு மணி நேரம் சொட்டுச் சொட்டாக ஏற வேண்டும். ஆகவே விபத்து 8.10, முதல் டோஸ் 8.58, இரண்டாவது ஓடிக்கொண்டிருக்கிறது என்று எழுதியிருந்தால்தான் அங்கே அதைத் தொடர்வார்கள். இல்லாவிட்டால் இருமுறை ஏறும், அல்லது பாதியில் நின்றுபோகும்.

வண்டி 9.50க்குக் கிளம்புகிறது. 70 கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரப் பயணம். நிமிடத்துக்கு 10 லிட்டர் என்றால் ஆக்ஸிஜன் 750 லிட்டர் செலவாகும். வழியில் ரயில்வே கேட் மூடியிருக்கலாம், டயர் வெடிக்கலாம் என்பதால் இரு மடங்காவது கையில் வேண்டும். பி வகை சிலிண்டர் நிரம்பியிருந்தால் ஏறக்குறைய 1500 லிட்டர். மீட்டர் முள்ளைப் பார்த்துவிட்டுத்தான் வண்டி நகர வேண்டும்.

நெஞ்சுக் குழாயின் மறுமுனை, தண்ணீர் ஊற்றிய பாட்டிலுக்குள் முழுகியிருக்கும். உள்ளே இருக்கும் காற்று குமிழியிட்டு வெளியேறும், வெளிக்காற்று உள்ளே போகாது. வண்டியில் ஏற்றும்போது கவிழ்ந்துவிடும் என்று பயந்து குழாயைக் கிளிப் போட்டு அடைத்துவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. டியூப் வழியாகக் காற்று அழுத்தித் தரப்படும் நோயாளிக்கு அப்படி அடைத்தால், வழியிலேயே நெஞ்சில் காற்று மறுபடி சேர்ந்து இதயத்தையே நெருக்கிவிடும். பாட்டில் நெஞ்சு மட்டத்துக்குக் கீழே, திறந்தபடி இருக்க வேண்டும். கிளம்பும்போது எவ்வளவு ரத்தம் சேர்ந்திருந்தது என்று பாட்டில்மேல் பிளாஸ்திரி ஒட்டிக் கோடு போட்டு, கடிதத்திலும் எழுதுவார்கள்: 9.50க்கு 150 மில்லி.

செய்யாதவற்றையும் எழுதுவதுதான் நல்ல கடிதத்துக்கு நான் வைத்திருக்கும் உரைகல். கழுத்துப் பட்டை போட்டிருக்கிறது, ஆனால் கழுத்தெலும்பு இன்னும் பரிசோதிக்கப்படவில்லை. சி.டி. எடுக்கவில்லை. சிறுநீர்ப் பாதையில் ரத்தம் தெரிந்ததால் குழாய் போடவில்லை. இடுப்புக் கட்டு 8.55க்குப் போட்டது, பார்ப்பதற்காக அவிழ்க்க வேண்டாம். ரத்தம் ஏற்றும் முன் எடுத்த மாதிரி கூடவே வருகிறது.

இவ்வளவும் தாளில் இருந்தாலும், தாள் நோயாளியோடுதான் போய்ச் சேரும். அதனால் வண்டி கிளம்பும் முன்பே அங்குள்ள மருத்துவரிடம் போனில் பேசி, பேசியவர் பெயரையும் நேரத்தையும் கடிதத்தில் குறிக்க வேண்டும். 1992இல் மேற்கு வங்கத்தில் ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட ஒரு விவசாயத் தொழிலாளியை, படுக்கை இல்லை, வசதி இல்லை என்று அரசு மருத்துவமனைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திருப்பி அனுப்பின. அந்த வழக்கில் 1996இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், எங்கே இடம் இருக்கிறதோ அங்கே நோயாளியை உடனே அனுப்புவதற்கு ஒரு மையத் தகவல் தொடர்பு ஏற்பாடு வேண்டும் என்று சொன்னது. அந்த ஏற்பாட்டின் மிக எளிய வடிவம் இந்த ஒரு போன் அழைப்பு.

உறவினர்கள் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. கடிதத்தை வாங்கியதும் செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு எந்த மருந்தாவது ஒவ்வாதா, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறாரா, கடைசியாக எப்போது சாப்பிட்டார் என்பவை உங்களுக்குத்தான் தெரியும். டாக்டர் கேட்காவிட்டாலும் சொல்லி, எழுதச் சொல்லுங்கள். ஏ.ஆர். நகல் எனப்படும் விபத்துப் பதிவேட்டின் நகல் போலீஸுக்கும் பின்னால் காப்பீட்டுக்கும் தேவைப்படும். அது வரட்டும் என்று வண்டியை நிறுத்தி வைக்க வேண்டாம்.

11.05க்கு வண்டி போய் நிற்கிறது. ஸ்ட்ரெச்சரை இறக்கும்போதே கூடவந்த நர்ஸ் கடிதத்தை நீட்டுகிறார். இரண்டாவது யூனிட் ரத்தம் வழியில் முடிந்திருக்கிறது, ரத்த அழுத்தம் 86/50, 10.30க்குத் தசைத் தளர்ச்சி மருந்து ஒருமுறை திரும்பக் கொடுத்தது. எல்லாம் பின்பக்கத்தில் அவர் கையெழுத்தில் இருக்கின்றன. வாங்கிப் படித்த மருத்துவர் குனிந்து பாட்டிலைப் பார்க்கிறார். பிளாஸ்திரிக் கோட்டைத் தாண்டி 30 மில்லிதான் ஏறியிருக்கிறது. ரத்தம் போவது நெஞ்சில் அல்ல. கட்டை அவிழ்க்காமல், ஸ்கேன் அறையைத் தாண்டி, நேராக அரங்குக்குத் தள்ளிக்கொண்டு போகிறார்கள்.