கடினமான மூலையைத் தானே கண்டுபிடிக்கும் கணக்கு

ஆரம் 1 உள்ள ஒரு வட்டத்தின் கால் பகுதியை எடுத்துக்கொண்டால் அதன் பரப்பு π/4, அதாவது 0.785398. நான்கால் பெருக்கினால் பள்ளிக்கூடத்திலிருந்தே பழகிய 3.14159 வந்துவிடும். விடை முன்பே தெரிந்திருப்பதால், பரப்பைக் கணக்கிடும் எந்த முறையையும் உரசிப் பார்க்க இதைவிட நல்ல கல் கிடைப்பது அரிது. x என்ற இடத்தில் இந்த வளைவின் உயரம் √(1−x²). இடது முனையில் உயரம் 1; அங்கே வளைவு ஏறக்குறையக் கிடைமட்டமாகப் போகிறது. வலது முனையை நெருங்க நெருங்கச் சரிந்து, x = 1 என்ற இடத்தில் செங்குத்தாகத் தரையைத் தொடுகிறது. ஒரே வளைவில் ஒரு பக்கம் சாது, மறுபக்கம் முரடு.

வளைவின் கீழுள்ள பரப்பை எண்களால் தோராயமாகக் காண்பதற்குக் கல்லூரி மாணவர்கள் முதலில் படிப்பது சிம்ப்சன் விதி. இங்கிலாந்தின் தாமஸ் சிம்ப்சன் 1743இல் வெளியிட்டதால் அவர் பெயர் நிலைத்தது. ஆனால் மதுப் பீப்பாய்களின் கொள்ளளவை அளக்க முனைந்த கெப்ளர் 1615லேயே இதைப் பயன்படுத்திவிட்டார். இடது முனை, நடு, வலது முனை என மூன்று இடங்களில் உயரத்தை அளந்து, அந்த மூன்று புள்ளிகள் வழியே ஒரு பரவளையத்தைப் போட்டு, அதன் கீழுள்ள பரப்பை எடுத்துக்கொள்வதுதான் விதி. கணக்கு எளிது: நடு உயரத்தை நான்கால் பெருக்கி, இரு முனை உயரங்களையும் கூட்டி, ஆறால் வகுத்து, அகலத்தால் பெருக்க வேண்டும்.

கால் வட்டத்தில் அந்த உயரங்கள் 1, 0.866, 0. விடை 0.7440. நான்கால் பெருக்கினால் 2.976. மூன்றே அளவீட்டுக்கு இது மோசமில்லை என்றாலும் இதை யாரும் பை என்று ஏற்க மாட்டார்கள்.

அடுத்து என்ன செய்வது? வழக்கமான பதில், வளைவை இன்னும் மெல்லிய சம துண்டுகளாக நறுக்குவது. வேலை நடக்கும். ஆனால் முதல் நறுக்கலிலேயே எந்த இடத்தில் உழைப்பு வீணாகிறது என்பது தெரிந்துவிடுகிறது. வட்டத்தை 0 முதல் 0.5 வரை ஒன்று, 0.5 முதல் 1 வரை இன்னொன்று என இரண்டாக்கி, ஒவ்வொன்றிலும் சிம்ப்சன் விதியைப் போட்டால், இடது பாதியில் பிழை 0.00006தான். வலது பாதியில் பிழை 0.0144. ஏறத்தாழ இருநூற்று அறுபது மடங்கு! மொத்தப் பிழையில் இடது பாதியின் பங்கு அரை சதவீதம்கூட இல்லை. அங்கே மேலும் நறுக்குவதற்குச் செலவிடும் ஒவ்வொரு அளவீடும், ஏற்கெனவே சரியாக இருக்கும் எண்ணின் கடைசி இலக்கத்தைத் துடைத்துக்கொண்டிருப்பதற்குச் சமம்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. இந்த ஒப்பீட்டைச் செய்ய முடிந்ததே விடை முன்பே தெரிந்ததால்தான். நிஜமான வேலையில் விடை தெரியாது. தெரிந்தால் கணக்கே தேவையில்லை. அப்படியானால் எந்தத் துண்டு முரடு என்பதைக் கணினி எப்படி அறியும்?

ஒரே துண்டை இரண்டு முறை கணக்கிட்டு அறியும். முதலில் முழுத் துண்டுக்கும் ஒரு பரவளையம். பிறகு அதை நடுவில் பிளந்து பாதிக்கு ஒன்றாக இரண்டு பரவளையங்கள். இரண்டு விடைகளும் ஏறக்குறைய ஒத்துப்போனால் அந்தத் துண்டில் வளைவு அடக்கமாக இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு, இரண்டாவது விடையை வைத்துக்கொண்டு நகரலாம். ஒத்துப்போகாவிட்டால் துண்டை இரண்டாக வெட்டி, ஒவ்வொரு பாதியிலும் இதே சோதனையை மறுபடி தொடங்க வேண்டும். முதல் கணக்கின் உழைப்பும் வீணாவதில்லை. பழைய மூன்று உயரங்களும் அப்படியே பயன்படும். ஒரு துண்டைச் சோதிக்கப் புதிதாக இரண்டு உயரங்களை அளந்தால் போதும். 1962இல் வில்லியம் மெக்கீமன் இத்தகைய சிம்ப்சன் நிரலை, அமெரிக்கக் கணிப்பொறி ஆய்விதழ் ஒன்றில் 145ஆவது வழிமுறையாக வெளியிட்டார். தகவமைத் தொகையிடல் என்று சொல்லத்தக்க இந்த முறை பரவலானது அந்தக் காலத்திலிருந்துதான்.

கால் வட்டத்தில் இதை ஓடவிட்டுப் பார்க்கலாம். பொறுத்துக்கொள்ளும் வேறுபாடு முழு வளைவுக்கும் 0.001 என்று வைப்போம். ஒரு துண்டை இரண்டாக்கும்போது இந்த வரம்பையும் பாதியாக்கிக் கொடுக்க வேண்டும். அப்போதுதான் எல்லாத் துண்டுகளின் வேறுபாடும் சேர்ந்து 0.001ஐத் தாண்டாது.

முழு வளைவில் முதல் விடை 0.7440, பிளந்த பின் 0.7709. வேறுபாடு 0.027, தேறவில்லை. இடது பாதியில் 0.478251, பிளந்த பின் 0.478302. வேறுபாடு 0.00005, வரம்போ 0.0005. தேறிவிட்டது, இனி அந்தப் பக்கம் யாரும் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை. வலது பாதியில் வேறுபாடு 0.0093, தேறவில்லை. அதைப் பிளந்தால் 0.5 முதல் 0.75 வரையுள்ள துண்டு உடனே தேறுகிறது, 0.75 முதல் 1 வரையுள்ளது தேறவில்லை. அதை மறுபடி பிளந்தாலும் இதே கதை: இடது பக்கத்துத் துண்டு தேறும், வலது ஓரத்தில் ஒட்டியிருப்பது தேறாது. இப்படியே போய், கடைசித் துண்டின் அகலம் 1/1024 ஆகும்போதுதான் அதுவும் தேறுகிறது.

முடிவில் மொத்தம் அளந்த உயரங்கள் 45. இடது பாதி முழுவதற்கும் ஐந்தே புள்ளிகள், ஒவ்வொன்றுக்கும் இடையில் 1/8 தூரம். வலது முனையிலோ புள்ளிகளின் இடைவெளி 1/4096. யாரும் கணினியிடம் வலது முனை முரடு என்று சொல்லவில்லை. கிடைக்கும் பை 3.14157. அதே 45 புள்ளிகளைச் சம இடைவெளியில் வைத்துச் சிம்ப்சன் விதியைப் போட்டால் 3.1400தான் வரும். சம இடைவெளியிலேயே 3.14157ஐ எட்டுவதற்கு எழுநூறு புள்ளிகளுக்கு மேல் தேவை.

எழுநூறு வர்க்கமூலம் காண்பது இன்றைய கணினிக்குக் கண்ணிமைக்கும் நேரம்கூட ஆகாது என்பது உண்மை. ஆனால் ஒரு தொகையிடலுக்குள் இன்னொரு தொகையிடல் இருந்தால் இந்த எண்கள் ஒன்றையொன்று பெருக்கிக்கொள்ளும். 45ஐ 45ஆல் பெருக்கினால் ஏறத்தாழ இரண்டாயிரம். 700ஐ 700ஆல் பெருக்கினால் 4,90,000. ஓர் உயரத்தை அளக்கவே பல நிமிடம் ஓட வேண்டிய நிரலாக இருந்தால், இது நாள்களுக்கும் ஆண்டுகளுக்கும் இடையிலான வேறுபாடு.

முரட்டுத்தனம் என்பது சரிவைக் குறிப்பதல்ல என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். எவ்வளவு செங்குத்தாக ஏறினாலும் நேர்கோடு நேர்கோடுதான். சிம்ப்சன் விதி அதை முதல் முயற்சியிலேயே பிசகின்றி அளந்துவிடும். பரவளையத்தையும் அப்படியே. வளைவு எங்கே பரவளையத்தின் போக்கிலிருந்து விலகுகிறதோ, அங்கேதான் இரண்டு கணக்குகளும் முரண்படும். கால் வட்டத்தின் வலது முனையில், வெறும் சரிவைவிட, சரிவே எல்லையின்றிக் கூடிக்கொண்டு போவதுதான் தொல்லை.

இந்தத் தொல்லை இன்னொரு இடத்திலும் தலைகாட்டுகிறது. வழவழப்பான வளைவில், துண்டைப் பிளந்தால் சிம்ப்சன் விதியின் பிழை சுமார் பதினாறில் ஒரு பங்காகச் சுருங்கும். ஆகவே இரண்டு கணக்குகளின் வேறுபாட்டைப் பதினைந்தால் வகுத்தால், இரண்டாவது விடையில் எஞ்சியிருக்கும் பிழை கிடைக்கும் என்பது பாடப்புத்தகக் கணக்கு. நம் வட்டத்தின் இடது பாதியில் இது அழகாகப் பொருந்துகிறது: மதிப்பீடு பத்து லட்சத்தில் 3.4 பங்கு, உண்மைப் பிழை 3.9 பங்கு. வலது பாதியில் மதிப்பீடு 0.0006, உண்மைப் பிழை 0.0051, எட்டு மடங்கு. செங்குத்தான முனையில் பிழை பதினாறில் ஒன்றாகச் சுருங்காமல், மூன்றில் ஒன்றுக்குச் சற்று மேலாகவே நின்றுவிடுவதுதான் காரணம். பதினைந்தால் வகுப்பது எங்கே மிகவும் தேவையோ அங்கேயே ஏமாற்றுகிறது. மேலே செய்த கணக்கில் வகுக்காமல் வேறுபாட்டையே வரம்போடு ஒப்பிட்டது அதனால்தான். சில புள்ளிகள் கூடுதலாகச் செலவானாலும் அந்த எச்சரிக்கை வீண் அல்ல.

இதைவிடப் பெரிய ஆபத்து, கணினி எதையுமே பார்க்காமல் போவது. sin²(4πx) என்ற வளைவை எடுத்துக்கொள்ளலாம். 0 முதல் 1 வரை நான்கு மேடுகள். பரப்பு சரியாக 1/2. ஆனால் 0, 1/4, 1/2, 3/4, 1 ஆகிய ஐந்து இடங்களிலும் அதன் உயரம் பூஜ்யம். சோதனை முதலில் அளப்பதும் அந்த ஐந்து இடங்களைத்தான். முதல் விடை பூஜ்யம், பிளந்த பின்னும் பூஜ்யம், வேறுபாடு பூஜ்யம். நிரல் திருப்தியோடு பூஜ்யம் என்று அறிவித்துவிட்டு நின்றுவிடும். வரம்பை எவ்வளவு கடுமையாக்கினாலும் மாறாது. தொடக்கத்திலேயே வளைவைச் சமமில்லாத சில துண்டுகளாகப் பிரித்துக்கொள்வது இதற்கு ஓரளவு மருந்து; மேடுகளும் புள்ளிகளும் அப்படி ஒத்துப்போவது அப்போது அரிதாகிவிடும்.

இன்றைய நிரல்களும் இதிலிருந்து முழுவதும் தப்பவில்லை. பைத்தான் மொழியின் சைப்பை நூலகத்தில் உள்ள `quad`, குவாட்பேக் என்ற 1980களின் புகழ்பெற்ற நிரல் தொகுப்பின் மீது நிற்கிறது. சிம்ப்சன் விதியைவிடக் கூர்மையான விதிகள் அதில் உண்டு. ஆனாலும் மணி வடிவ வளைவு ஒன்றை மிக அகலமான எல்லைகளுக்குள் கொடுத்தால் தடுமாறுகிறது:

```
quad(lambda x: np.exp(-x**2), -10000, 10000)
```

உண்மை விடை √π, அதாவது 1.77245. நிரல் தருவது ஏறக்குறையப் பூஜ்யம். பிழை மதிப்பீடும் பூஜ்யம். இருபதாயிரம் அகலமுள்ள வெளியில், மணி எழும்பி நிற்கும் இடம் நடுவில் நாலைந்து அலகுதான். நிரல் அங்கே வைத்த புள்ளிகள் போதவில்லை.

பழகியவர்கள் இதை இரண்டு அறிகுறிகளால் பிடிப்பார்கள். ஒன்று, அளந்த புள்ளிகளின் எண்ணிக்கை சந்தேகப்படும்படி மிகக் குறைவாக இருப்பது. இன்னொன்று, எல்லைகளைச் சற்று மாற்றினால் விடை தலைகீழாவது. வளைவே இல்லாத தொலைவில் எல்லையை நகர்த்துவதால் பரப்பு மாறக் கூடாது அல்லவா? வளைவு எங்கே எழும்புகிறது என்பது முன்பே தெரிந்தால், அதை நிரலுக்குச் சொல்லவும் வழி உண்டு. மேலே உள்ள கட்டளையின் முடிவில் `points=[-10, 10]` என்று சேர்த்தால், நிரல் அந்த இடங்களில் வெட்டிக்கொண்டு தொடங்கி, நடுத் துண்டைத் தனியாக நறுக்கி, 1.77245 என்று சரியாகச் சொல்லிவிடும்.