படத்தில் உடையை மாற்றும் முன் யாரைக் கேட்க வேண்டும்?

கடந்த 2026 ஜனவரி 11-ஆம் தேதி, எக்ஸ் தளத்தோடு இணைந்த 'க்ரோக்' எனும் செயற்கை நுண்ணறிவுக் கருவியை மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம் (எம்சிஎம்சி) நாட்டில் தற்காலிகமாக முடக்கியது. பெண்கள், சிறார்களின் சாதாரணப் படங்களை அவர்களுக்குத் தெரியாமல் ஆபாசப் படங்களாக மாற்ற அது பயன்பட்டதுதான் காரணம். இந்தோனேசியா அதற்கு ஒரு நாள் முன்பே அதே முடிவை எடுத்திருந்தது. ஜனவரி 23-ஆம் தேதி இங்கே முடக்கம் நீக்கப்பட்டது.

இது தொலைவில் உள்ளவர்களின் பிரச்சினை என்று நினைக்க முடியாது. 2025 ஏப்ரலில் ஜொகூர், கூலாயில் 16 வயது மாணவன் ஒருவன் கைதானான். உடன் படித்த மாணவிகளின் படங்களை ஆடையில்லாத படங்களாக மாற்றி, ஒரு படம் 2 வெள்ளிக்கு விற்றான் என்பது புகார். அவன் எடுத்துக்கொண்டது அந்தப் பிள்ளைகள் தாங்களே சமூக ஊடகத்தில் போட்டிருந்த படங்கள்.

"துணியை நீக்கும் செயலி" என்று பேச்சுவழக்கில் சொல்கிறோம். உண்மையில் அது எதையும் நீக்குவதில்லை. உடை இருக்கும் பகுதியைத் தனியே பிரித்து, அந்த இடத்தில் வேறு ஆயிரக்கணக்கான படங்களிலிருந்து கற்றதை வைத்துப் புதிதாக ஒன்றை வரைந்து நிரப்புகிறது. முகம் மட்டும்தான் அந்தப் பெண்ணுடையது. கழுத்துக்குக் கீழே இருப்பது யாருடைய உடலும் அல்ல. ஆகவே, "எப்படியும் அது அவள் உடம்பு இல்லையே" என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். பார்ப்பவருக்கு அந்த வித்தியாசம் தெரியாது என்பதால்தானே அந்தப் படத்துக்கு விலை கிடைக்கிறது!

ஆபாசம் பற்றி நமக்குக் குழப்பம் இல்லை. குழப்பம் வருவது அதற்கு இந்தப் பக்கம் இருக்கும் 'சும்மா ஒரு மாற்றம்' விஷயத்தில்தான். ஒரு சூழலை எடுத்துக்கொள்வோம். கிள்ளானில் ஓர் அலுவலகம். தீபாவளி வாழ்த்து அட்டைக்காக அனைவரும் நிற்கும் படம் இருக்கிறது. ஆனால் பாதிப் பேர் அலுவலகச் சட்டையில். ஓர் ஊழியர் செயலியில் போட்டுப் பெண்களுக்குப் புடவையும் ஆண்களுக்கு வேட்டியும் உடுத்திவிடுகிறார். பார்க்க அழகாகவே இருக்கிறது. புலனக் குழுவில் போட்டதும் எல்லோரும் சிரிக்க, ஒரு பெண் மட்டும் பேசாமல் இருக்கிறார். அவருக்கு வந்த புடவையின் ரவிக்கை அவர் வாழ்நாளில் அணியாத மாதிரி, முதுகும் கையும் திறந்து இருக்கிறது. அந்தப் படம் அன்றிரவே நிறுவனத்தின் முகநூல் பக்கத்துக்கும் போய்விடுகிறது. அவருடைய மாமியார் வீட்டிலும் முகநூல் இருக்கிறது.

அந்தப் பெண் படம் எடுக்கச் சம்மதித்தது உண்மை. ஆனால் அவர் கொடுத்த சம்மதம் எடுப்பதற்கு மட்டும்தான். மாற்றுவது இரண்டாவது கேள்வி, வெளியே விடுவது மூன்றாவது கேள்வி. இரண்டும் அவரிடம் கேட்கப்படவில்லை. கேட்பதும் கடினமான வேலை இல்லை, மாற்றிய படத்தை முதலில் அவருக்கு மட்டும் அனுப்பி, "இதைப் பக்கத்தில் போடலாமா?" என்று கேட்டிருந்தால் போதும். மாற்றும் முன்பே கேட்பது இன்னும் நல்லது, ஏனென்றால் பல செயலிகளில் படம் உங்கள் கைப்பேசியில் மாறுவதில்லை. எங்கோ வெளிநாட்டில் உள்ள கணினிக்குப் போய்த்தான் திரும்பி வருகிறது. மேலதிகாரி கேட்கும்போது வரும் "பரவாயில்லை சார்" என்பதையும் சம்மதக் கணக்கில் அவசரமாகச் சேர்க்க வேண்டாம்.

சட்டம் எதுவரை துணை நிற்கும்? 2010 தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வணிக நடவடிக்கைகளுக்கு மட்டுமே பொருந்தும். பிரிக்பீல்ட்ஸில் ஒரு துணிக்கடை, வாடிக்கையாளரின் படத்தில் வேறு புடவையை மாட்டி விளம்பரம் செய்தால் அங்கே சம்மதம் கேட்கும் கடமை உண்டு. கொடுத்த சம்மதத்தை வாடிக்கையாளர் எழுத்து மூலம் திரும்பப் பெறவும் முடியும். ஆனால் அண்ணன் மகன் குடும்பக் குழுவில் விளையாட்டாகப் போட்ட படத்தை இச்சட்டம் தொடாது. குடும்ப, வீட்டுப் பயன்பாட்டுக்கு விலக்கு இருக்கிறது.

அங்கே வருவது 1998 தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 233-ஆவது பிரிவு. ஆபாசமானதை மட்டுமல்ல, ஒருவரைத் துன்புறுத்தும் அல்லது மிரட்டும் நோக்கத்தோடு பொய்யான உள்ளடக்கத்தை அனுப்புவதையும் அது குற்றமாக்குகிறது. நோக்கத்தை நிரூபிக்க வேண்டும் என்பதால் நம் கிள்ளான் அலுவலக வாழ்த்துப் படம் இதில் மாட்டுவது கடினம். அதே படத்தை வைத்து அந்தப் பெண்ணை ஒருவர் தொடர்ந்து கிண்டல் செய்தால் கதை வேறு. 2025 பிப்ரவரியில் நடப்புக்கு வந்த திருத்தத்தின்படி அபராதம் 5 லட்சம் வெள்ளி வரை, சிறை 2 ஆண்டு வரை. பாதிக்கப்பட்டவர் 18 வயதுக்குட்பட்டவர் என்றால் 5 ஆண்டு வரை.

சிறார் படம் என்றால் 2017 சிறார் பாலியல் குற்றச் சட்டமும் சேரும். அத்தகைய படத்தைக் கையில் வைத்திருப்பதே அதில் குற்றம். "பார், இப்படிச் செய்திருக்கிறான்" என்று கோபத்தில் பிற பெற்றோருக்கு அனுப்பி வைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இனி, நம் வீடுகளில் அடிக்கடி நடப்பது ஒன்று. தோட்டத்தில் வாழ்ந்த பாட்டி இறந்துவிடுகிறார். இரங்கல் விளம்பரத்துக்கு நல்ல படம் இல்லை. பழைய படத்தில் வெளிறிய சேலை. படக்கடையில் கொடுத்தால் பட்டுச்சேலையாக மாற்றித் தருகிறார்கள். இதில் யாருக்கும் மனவருத்தம் இருக்காது. ஆனால் கருவி சேலையோடு நிற்பதில்லை. தாலியை அழித்துச் சங்கிலியாக்கும், இல்லாத நகை போடும். பல ஆண்டு வெள்ளைச் சேலையோடு வாழ்ந்தவருக்குக் குங்குமமும் வைத்துவிடும். இறந்தவரிடம் கேட்க முடியாது. அவரோடு கடைசி வரை இருந்த மகளிடமோ மருமகளிடமோ அச்சுக்குப் போகும் முன் காட்டலாம். கழுத்துக்கும் ரவிக்கைக்கும் இடையிலான கோடு, சேலைக் கரை தோளில் தொடர்ச்சியாக ஓடுகிறதா, கைவிரல்கள், இந்த மூன்றையும் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். கருவி வரைந்த இடம் பெரும்பாலும் அங்கேதான் தெரியும். அசல் படத்தை மட்டும் எக்காரணம் கொண்டும் அழித்துவிடாதீர்கள்.

உங்கள் படத்தையே யாரோ கெடுத்துவிட்டால், முதல் வேலை அழச் செய்வதோ அவரைத் திட்டுவதோ அல்ல. பதிவின் முகவரி, கணக்கின் பெயர், தேதி தெரியும்படி திரைப்பிடிப்பு எடுத்து வையுங்கள். திட்டினால் அவர் பதிவை அழித்துவிடுவார், ஆதாரமும் போய்விடும். படம் சிறார் உடையது என்றால் படத்தைச் சேமிக்காமல் முகவரியை மட்டும் குறித்துக்கொண்டு நேரே போலீசுக்குப் போங்கள். போலீஸ் புகாருடன் aduan.mcmc.gov.my தளத்திலும் புகார் செய்யலாம்.

18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு StopNCII.org என்ற இலவசத் தளம் இருக்கிறது. படத்தை அங்கே அனுப்ப வேண்டியதில்லை. உங்கள் கைப்பேசியிலேயே அந்தப் படத்திலிருந்து ஓர் எண் அடையாளம், கைரேகை மாதிரி, உருவாகும். அது மட்டுமே முகநூல், இன்ஸ்டாகிராம், டிக்டாக் போன்ற தளங்களுக்குப் போகும். அதே படம் அங்கே ஏறினால் அவை கண்டுபிடித்து நீக்க முடியும். செயற்கையாக உருவாக்கிய படத்துக்கும் இது பொருந்தும். சிறார்களுக்கு இதே முறையில் Take It Down என்ற சேவை உண்டு. புலனத்தில் ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் போகும் படத்தை இவை எட்ட முடியாது, அதிகமாக மாற்றி வெட்டிய படமும் தப்பிவிடலாம். அதனால் போலீஸ் புகாருக்கு இது மாற்று அல்ல. இரண்டையும் ஒரே நாளில் செய்யுங்கள்.