செல் ஒரு நகரம் என்றால்

உயிரியல் பாடநூல்களில் செல்லை ஒரு நகரமாக விளக்குவது நெடுநாள் வழக்கம். உட்கரு நகராட்சி அலுவலகம். மைட்டோகாண்ட்ரியா மின்நிலையம். புரதங்களைக் கோக்கும் ரைபோசோம்கள் தொழிற்கூடங்கள். எண்டோபிளாச வலை அவற்றைப் பக்குவப்படுத்தும் ஆலை, கோல்கை உறுப்பு அஞ்சலகம், லைசோசோம் குப்பைக் கிடங்கு, செல் சவ்வு நகரின் மதில். ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கே இருக்கும் பையின் உட்புறத்தை மனக்கண்ணில் காண இந்த உவமை மிகவும் உதவுகிறது. இருந்தாலும் எந்த உறுப்பு எங்கே இருக்கிறது, என்ன செய்கிறது என்பது வரைதான் அது நம்பத்தகுந்தது. அந்த வேலை எப்படி நடக்கிறது என்று கேட்கத் தொடங்கியதும் அது வழி தவறச் செய்கிறது. இரண்டையும் காண, கணையத்தின் பீட்டா செல்லில் இன்சுலின் உருவாகி வெளியேறும் பாதையைப் பின்தொடர்வது நல்ல வழி.

இன்சுலினுக்கான மரபணு உட்கருவிலுள்ள டி.என்.ஏ.வில் இருக்கிறது. மூல ஆவணம் உட்கருவை விட்டு வெளியே வருவதில்லை. ஆர்.என்.ஏ. என்ற அதன் நகல்தான் வெளியே வந்து ரைபோசோமைச் சேர்கிறது. ரைபோசோம் அந்த நகலைப் படித்தபடி அமினோ அமிலங்களை ஒவ்வொன்றாகக் கோக்கிறது. முதலில் வெளிவரும் 24 அமினோ அமிலங்கள் இன்சுலினின் பகுதி அல்ல. அவை ஒரு முகவரிச் சீட்டு. செல்லில் உலவும் ஒரு துகள் அந்தச் சீட்டைப் பற்றிக்கொள்கிறது. உடனே கோக்கும் வேலை நிற்கிறது. துகளும் ரைபோசோமும் சேர்ந்து எண்டோபிளாச வலையின் சவ்வில் போய் ஒட்டிய பிறகு, வேலை மறுபடி தொடங்கி, நீளும் சங்கிலி ஒரு நுண்துளை வழியே வலைக்குள் இறங்குகிறது. உள்ளே போனதும் சீட்டு வெட்டி எறியப்படுகிறது. புரதங்கள் தங்கள் முகவரியைத் தங்களிலேயே சுமந்து செல்கின்றன என்று நிறுவியதற்காக குந்தர் புளோபெல் 1999ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றார்.

வலைக்குள் எஞ்சியிருப்பது 86 அமினோ அமிலங்கள் கொண்ட முன்இன்சுலின். அது சரியான வடிவத்தில் மடிந்து, மூன்று இடங்களில் கந்தக இணைப்பு பெறுகிறது. பிறகு சிறு சவ்வுப் பைகளில் ஏறி கோல்கை உறுப்பை அடைந்து, அங்கிருந்து சேமிப்புத் துகள்களுக்குப் போகிறது. அந்தத் துகள்களில் நடுவிலுள்ள ஒரு துண்டு வெட்டப்படுகிறது. 51 அமினோ அமிலங்களுடன் மிஞ்சுவதே இன்சுலின். வெட்டப்பட்ட துண்டுக்கு சி-பெப்டைடு என்று பெயர். இரண்டும் ஒரே துகளில் தங்கி, சம எண்ணிக்கையில் இரத்தத்துக்குள் வெளியேறுகின்றன. ஊசி மருந்தாகக் கிடைக்கும் இன்சுலினில் சி-பெப்டைடு கிடையாது. அதனால்தான் ஊசி போட்டுக்கொள்ளும் ஒருவரின் கணையம் சொந்தமாக எவ்வளவு இன்சுலின் சுரக்கிறது என்று அறிய மருத்துவர்கள் சி-பெப்டைடு அளவைப் பார்க்கிறார்கள்.

வலை, கோல்கை, சேமிப்புத் துகள் என்ற இந்த வரிசையைக் கண்டவர்கள் ஜார்ஜ் பலாடேயும் ஜேம்ஸ் ஜேமிசனும். 1960களில் அவர்கள் கினிப்பன்றியின் கணையத் துண்டுகளுக்குக் கதிரியக்கம் ஏற்றிய லியூசின் என்ற அமினோ அமிலத்தை மூன்று நிமிடம் மட்டும் கொடுத்தார்கள். பிறகு சாதாரண லியூசினுக்கு மாற்றிவிட்டு, கதிரியக்கம் எங்கே போகிறது என்று எலக்ட்ரான் நுண்ணோக்கியில் தொடர்ந்து கவனித்தார்கள். முதலில் அது எண்டோபிளாச வலையில் இருந்தது. ஏறத்தாழ இருபது நிமிடத்தில் கோல்கைப் பகுதிக்கு நகர்ந்திருந்தது. இரண்டு மணி நேரம் ஆனபோது சேமிப்புத் துகள்களில் தெரிந்தது. அவர்கள் கண்காணித்தது செரிமான நொதிகளை. ஆனால் இன்சுலினும் அதே வழியில்தான் செல்கிறது. தொழிற்கூடம், அஞ்சலகம், கிடங்கு, வாசல் என்று நகர உவமை இதுவரை அழகாகப் பொருந்துகிறது.

உவமை முதலில் முறிவது போக்குவரத்தில். நகரத்தில் ஒரு பொதி நகர வேண்டுமென்றால் யாராவது முகவரியைப் படித்து, வழி அறிந்து, வண்டியை ஓட்ட வேண்டும். செல்லுக்குள் படிப்பவரும் இல்லை, வழி அறிந்தவரும் இல்லை. முகவரிச் சீட்டைப் பற்றும் துகள் அதைத் தேடிப் போவதில்லை. வெப்பத்தால் துள்ளும் நீர் மூலக்கூறுகள் எல்லாத் திசையிலிருந்தும் மோதித் தள்ள, அது தற்செயலாகத் திரிகிறது. கண்டதன் மேலெல்லாம் மோதி, பொருந்தாதவற்றிலிருந்து உடனே விலகி, வடிவம் பொருந்தும் சீட்டில் மட்டும் ஒட்டிக்கொள்கிறது. நீரில் மிதக்கும் நுண்துகள்களின் இந்த ஓயாத நடுக்கத்தை ராபர்ட் பிரவுன் 1827இல் நுண்ணோக்கியில் கண்டார். செல்லின் உள்ளே நடப்பவற்றில் பெரும்பகுதி அதே நடுக்கத்தின் பலன்தான்.

படங்களில் செல்லின் உட்புறம் அகலமான வீதிகளும் வெற்றிடங்களுமாகத் தெரிகிறது. உண்மையில் அதன் கொள்ளளவில் ஏறத்தாழ கால்பங்கைப் பெரிய மூலக்கூறுகளே அடைத்திருக்கின்றன. அத்தனை நெரிசலிலும் ஒரு சராசரிப் புரதம் தற்செயல் அலைச்சலாலேயே சில வினாடிகளில் செல்லின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போய்விடும். செல் மிகச் சிறியதாக இருப்பதுதான் காரணம். தற்செயல் அலைச்சலில் தூரம் பத்து மடங்கானால் நேரம் நூறு மடங்காகும். ஆகவே நகர அளவில் இப்படி எதுவும் போய்ச் சேராது. முதுகுத்தண்டிலிருந்து பாதம் வரை ஒரு மீட்டர் நீளும் நரம்புச் செல்லில், ஒரு புரதம் இந்த முறையில் முனையை எட்ட ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல் ஆகும். அங்கே நுண்குழல்களின் மேல் கைனசின் என்ற மோட்டார் புரதம் சரக்குப் பைகளை இழுத்துச் செல்கிறது. ஒரு ஏ.டி.பி. மூலக்கூறுக்கு ஓர் அடி. ஓர் அடி 8 நானோமீட்டர். சரக்கு சில நாட்களில் பாதத்தை எட்டிவிடும். வண்டிக்கு மிக நெருங்கி வருவது இதுதான். ஆனாலும் கைனசினின் காலும் அடுத்த பிடிமானத்தைக் கண்டடைவது அதே வெப்ப நடுக்கத்தில் அலைந்துதான்.

உவமை விலகும் இரண்டாவது இடம், முகவரி இல்லாத பொதிக்கு நேர்வது. இதை மிகத் தெளிவாகக் காட்டுவது ஐ-செல் நோய் என்ற அரிய பரம்பரை நோய். லைசோசோமுக்குள் பழைய மூலக்கூறுகளைச் சிதைக்கும் நொதிகளும் இன்சுலினைப் போல வலை வழியாகவே கோல்கைக்கு வருகின்றன. அங்கே அவற்றில் மேனோஸ்-6-பாஸ்பேட் என்ற சர்க்கரை அடையாளம் பொருத்தப்படுகிறது. அந்த அடையாளத்தைப் பற்றும் ஏற்பி அவற்றை லைசோசோமின் பக்கம் பிரித்து அனுப்புகிறது. ஐ-செல் நோயுள்ள குழந்தைகளிடம் அடையாளத்தைப் பொருத்தும் நொதி வேலை செய்வதில்லை. நகர அஞ்சலகமாக இருந்தால் முகவரியற்ற பொதிகள் உள்ளேயே தேங்கிக் குவியும். செல்லில் அப்படி நடப்பதில்லை. தனி அடையாளம் இல்லாவிட்டால் வெளியே போவது என்பதே இந்தப் பாதையின் இயல்பு. எனவே சிதைக்கும் நொதிகள் இரத்தத்துக்குள் கொட்டப்படுகின்றன. நொதி கிடைக்காத லைசோசோம்களில் கழிவு சேர்ந்து, செல்கள் கருந்துகள்களால் நிரம்புகின்றன. வளர்ச்சி நின்று, மூட்டுகள் இறுகி, பெரும்பாலான குழந்தைகள் சிறு வயதிலேயே இறந்துவிடுகின்றன. செல்லுக்குள் குறைந்தும் இரத்தத்தில் பெருமளவு மிகுந்தும் காணப்படும் லைசோசோம் நொதிகளே மருத்துவர்களுக்கு நோயைக் காட்டிக்கொடுக்கின்றன.

கோளாறு எங்கே இருக்கிறது என்பதை ஹிக்மனும் எலிசபெத் நியூஃபெல்டும் 1972இல் ஓர் எளிய சோதனையால் பிரித்துக் காட்டினார்கள். ஆரோக்கியமான செல் வெளியிட்ட நொதியை ஐ-செல்களுக்குக் கொடுத்தபோது அவை அதை உள்ளே எடுத்துக்கொண்டன. ஐ-செல்கள் வெளியிட்ட நொதியை மற்ற செல்கள் எடுத்துக்கொள்ளவில்லை. அப்படியானால் வாசல் சரியாக இருக்கிறது. நொதியில்தான் அடையாளம் இல்லை. அடையாளம் எது என்பது அப்போது தெரியாது. சில ஆண்டுகள் கழித்தே அது மேனோஸ்-6-பாஸ்பேட் என்று தெரியவந்தது.

நகராட்சி என்ற உவமைதான் ஆசிரியர்கள் மிக எளிதாகச் சொல்வதும் மாணவர்களை மிக அதிகமாகத் திசைதிருப்புவதும். இரத்தச் சிவப்பணு முதிரும்போது தன் உட்கருவை வெளியே தள்ளிவிடுகிறது. மைட்டோகாண்ட்ரியாவையும் ரைபோசோம்களையும்கூட இழந்துவிடுகிறது. அதன்பின் ஏறத்தாழ 120 நாட்கள் ஆக்சிஜனைச் சுமந்து உழைக்கிறது. ஆனால் பழுதான புரதங்களுக்கு மாற்று செய்துகொள்ள அதனால் முடியாது. பழுது மிகுந்ததும் மண்ணீரலிலும் கல்லீரலிலும் உள்ள விழுங்கணுக்கள் அதை உண்டுவிடுகின்றன. உட்கரு ஆணையிடும் இடம் என்பதைவிட செய்முறைகள் காக்கப்படும் இடம் என்பது உண்மைக்கு நெருக்கம். எந்தச் செய்முறையை எப்போது எடுப்பது என்பதையும் உட்கரு தனியாக முடிவு செய்வதில்லை. 1962இல் ஜான் கர்டன் தவளைத் தலைப்பிரட்டையின் குடல் செல்லிலிருந்து உட்கருவை எடுத்து, சொந்த உட்கரு அழிக்கப்பட்ட முட்டைக்குள் வைத்தார். அப்படிப்பட்ட முட்டைகளில் சில தலைப்பிரட்டைகளாக வளர்ந்தன. குடல் செல்லின் வேலையையே பார்த்துவந்த உட்கரு, முட்டையின் சைட்டோபிளாசத்திலிருந்த புரதங்கள் தூண்டியதும் முழு உடலுக்கான மரபணுக்களைத் திறந்துகொடுத்தது. இங்கே அலுவலகத்தை வழிநடத்தியது ஊர்தான்.

கடைசியாக, எந்த நகரமும் இரண்டாகப் பிரிந்து இரண்டு முழு நகரங்களாவதில்லை. செல் பிரியும்போது உட்கருவின் சவ்வு கலைந்துவிடுகிறது. கோல்கை உறுப்பு சிறு துண்டுகளாகச் சிதறுகிறது. சரக்குப் பாதையாக இருந்த நுண்குழல்கள் கலைந்து, குரோமோசோம்களை இரு பக்கமும் இழுக்கும் கதிர்களாக மீண்டும் சேர்கின்றன. மரபணுக்களைப் படிப்பது பெரும்பாலும் நின்றுபோகிறது. மனித செல்லில் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் இது முடிந்து, இரு சேய் செல்களிலும் எல்லாம் மறுபடி உருவாகின்றன. ஆனால் வெறும் வரைபடத்திலிருந்து அல்ல. சவ்வு ஏற்கெனவே உள்ள சவ்வு விரிவதால் மட்டுமே வளர்கிறது. மைட்டோகாண்ட்ரியா தனக்கென்று சிறிது டி.என்.ஏ. வைத்திருக்கிறது, முந்தைய மைட்டோகாண்ட்ரியா பிளவுபட்டே புதியது வருகிறது. ஒரு செல் அதை முழுவதும் இழந்துவிட்டால் உட்கருவின் துணையால் திரும்பச் செய்ய இயலாது. நகரத்தை வரைபடம் கொண்டு வெற்று நிலத்தில் எழுப்பலாம். செல்லுக்கு அந்த வாய்ப்பு இதுவரை இல்லை. 2010இல் கிரெய்க் வென்டரின் குழு பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட எழுத்துகள் கொண்ட ஒரு பாக்டீரியாவின் முழு மரபுத்தொகுதியை வேதிப்பொருள்களிலிருந்து தொடங்கி உருவாக்கியது. அது இயங்குவதற்கு, ஏற்கெனவே உயிரோடிருந்த வேறோர் இன பாக்டீரியாவின் செல்லுக்குள் அதை வைக்க வேண்டியிருந்தது.