சுற்றிச் சுற்றி ஓடினால் யார் முந்துவார்?

கணினியில் பத்து வேலைகள் ஒன்றாக ஓடுவதுபோல் தெரியும். ஆனால் ஒரு புராசஸர் கோர் பொதுவாக ஒரு கணத்தில் ஒரு வேலையைத்தான் கையில் எடுக்கும். அடுத்து எதை எடுப்பது என்று முடிவு செய்யும் விதிமுறைக்கு ஷெட்யூலிங் அல்காரிதம் என்று பெயர். இதைப் படிக்கும் மாணவர்களுக்காகவே சிமுலேட்டர்கள் இருக்கின்றன. ஒவ்வொரு வேலையும் எப்போது வந்தது, எவ்வளவு நேரம் ஓட வேண்டும் என்று கொடுத்தால் போதும். எந்த நேரத்தில் எது ஓடியது என்பதை வண்ணக் கட்டங்களாக வரைந்து, சராசரிக் காத்திருப்பையும் பட்டைகளாகக் காட்டிவிடும்.

அ, ஆ, இ என்று மூன்று வேலைகள் ஒரே கணத்தில் வருகின்றன, ஒவ்வொன்றுக்கும் 10 மில்லிசெகண்ட் தேவை என்று கொடுத்துப் பாருங்கள். வந்த வரிசைப்படி ஓடவிட்டால் காத்திருப்பு 0, 10, 20. சராசரி 10. அடுத்து ரவுண்ட் ராபினுக்கு மாற்றுங்கள். ஆளுக்கு 1 மில்லிசெகண்ட், மாறி மாறி. மூன்றும் முடிவது 28, 29, 30 என்ற நேரங்களில். அவற்றின் சொந்த ஓட்டமான 10-ஐக் கழித்தால் காத்திருப்பு 18, 19, 20. சராசரி 19! எல்லோருக்கும் சமமாகப் பங்கு வைக்கும் முறைதான் பட்டை வரைபடத்தில் மோசமாக நிற்கிறது.

அப்படியானால் அதை ஏன் வைத்திருக்கிறார்கள்? முதல் முறை கிடைக்க எவ்வளவு நேரம் ஆனது என்று தனியாக ஒரு பட்டை வரையச் சொல்லுங்கள். வரிசை முறையில் அதன் சராசரி 10. ரவுண்ட் ராபினில் 1. விசைப்பலகையைத் தட்டிவிட்டுத் திரையைப் பார்த்திருப்பவருக்கு இந்த எண்தான் முக்கியம். காத்திருப்பை மட்டும் வரையும் சிமுலேட்டர் பாதிக் கதையைத்தான் சொல்கிறது என்பேன். வேலை மாற்றுவதற்கு ஆகும் நேரத்தையும் பல சிமுலேட்டர்கள் 0 என்றே வைத்துக்கொள்கின்றன. மாற்றத்துக்கு 0.1 மில்லிசெகண்ட் என்று வைத்தால், இங்கே நடக்கும் 29 மாற்றங்களுக்கு 2.9 மில்லிசெகண்ட் வீணாகும். கடைசி வேலை 32.9-இல்தான் முடியும்.

இரண்டு சிமுலேட்டர்கள் ஒரே கணக்குக்கு வேறு வேறு விடை தருவதும் உண்டு. அ 0-வில் வருகிறது, 5 மில்லிசெகண்ட் வேண்டும். ஆ 2-இல் வருகிறது, 2 வேண்டும். ஒரு முறைக்கு 2. சரியாக 2-ஆம் மில்லிசெகண்டில் அ-வின் முறை முடிகிறது, அதே கணத்தில் ஆ வருகிறது. வரிசையில் முதலில் யார்? புதிதாக வந்த ஆ-வை முன்னே விட்டால் சராசரிக் காத்திருப்பு 1. அ-வை முன்னே விட்டால் அது 2. பாடப்புத்தக விடையோடு உங்கள் விடை ஒட்டவில்லை என்றால் சூத்திரத்தைச் சந்தேகிக்கும் முன், கட்ட வரைபடத்தில் 2 என்ற இடத்துக்கு அடுத்த கட்டம் யாருடையது என்று பாருங்கள்.