அட்டை சொல்வதும் சர்வர் சொல்வதும்

கெங்கவல்லி பக்கத்தில் குச்சிக்கிழங்கு லோடு ஜவ்வரிசி ஆலைக்குப் போனால், எடையோடு இன்னொரு கணக்கும் உண்டு. கிழங்கில் மாவுச்சத்து எவ்வளவு என்று பார்த்து ‘பாயிண்ட்’ போடுவார்கள். டன்னுக்கு, பாயிண்டுக்கு இவ்வளவு என்று விலை. எளிதாக, 300 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 26.5 பாயிண்ட் வந்த 10 டன் லோடுக்கு 79,500 ரூபாய். பில் போடும் மென்பொருள் அரை பாயிண்டை விழுங்கிவிட்டு 26 என்று எடுத்துக்கொண்டால் 78,000. ஒரு லோடில் விவசாயிக்கு 1,500 ரூபாய் போச்சு.

இப்படி ஒரு பிழை இருப்பதாகக் கற்பனை செய்வோம். நிரலர் அதைக் கண்டுபிடித்துத் திருத்துகிறார். சக நிரலர் பார்த்து ஒப்புக்கொள்ள, திருத்தம் பிரதான கிளையில் சேர்கிறது. வேலைப் பலகையில் அந்த அட்டை தானாகவே ‘முடிந்தது’ என்ற பத்திக்கு நகர்கிறது. மறுநாள் காலை முதல் லோடு வருகிறது. பில்லில் அதே 26.

அட்டை பொய் சொல்லவில்லை. நிரல் எழுதி முடிந்தது என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். அதற்குப் பிறகு நிரலிலிருந்து பில்டு தயாராக வேண்டும். அது சர்வருக்குப் போக வேண்டும். சர்வர் பழையதை நிறுத்திவிட்டுப் புதியதை ஓட்ட வேண்டும். எடைமேடைக் கணினியின் பிரவுசரும் புதிய கோப்பை எடுக்க வேண்டும். நடுவில் பில்டு தோற்றுப்போனால், பெரும்பாலும் பழைய பதிப்பே சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும். திரையில் எந்தப் பிழைச் செய்தியும் வராது.

அதனால் ஓடிக்கொண்டிருப்பதையே கேட்க வேண்டும். பில்டு தயாராகும்போதே அது எந்த கமிட்டிலிருந்து வந்தது என்ற அடையாளத்தை அதற்குள் பதித்துவிடலாம். ஒரு முகவரியில் கேட்டால் சர்வர் அதைச் சொல்லும்:

```
$ curl -s https://app.example.com/version
9f3c2a1
$ git merge-base --is-ancestor 4b7d10e 9f3c2a1 && echo yes
yes
```

`4b7d10e` நம் திருத்தம். `9f3c2a1` சர்வரில் ஓடுவது. இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. நமக்குப் பின் வேறு யாராவது எதையாவது சேர்த்திருக்கலாம். ஓடுகிற பதிப்பின் வரலாற்றுக்குள் நம் திருத்தம் இருக்கிறதா என்பதே கேள்வி. இருந்தால் `yes`, இல்லாவிட்டால் ஒன்றும் வராது. பல கமிட்டுகளை ஒன்றாக்கிச் சேர்த்திருந்தால் அடையாளம் மாறிவிடும். எனவே பிரதான கிளையில் சேர்ந்த பிறகு கிடைக்கும் எண்ணையே எடுக்க வேண்டும்.

இந்தக் கேள்வியை ஒரு சர்வரிடம் மட்டும் கேட்டால் போதாது. அமெரிக்கப் பங்கு வணிக நிறுவனம் நைட் கேபிடல் 2012இல் புது நிரலை 8 சர்வர்களில் ஏற்ற வேண்டியிருந்தது. ஊழியர் ஒருவர் 7இல் ஏற்றினார், ஒன்று விட்டுப்போனது. இன்னொருவர் சரிபார்க்கும் ஏற்பாடு இல்லை. அந்த 8வது சர்வரில், 2003க்குப் பிறகு பயன்படுத்தாத பழைய நிரல் கிடந்தது. அதை இயக்கிவந்த அதே குறியீட்டைத்தான் புது நிரலுக்கும் வைத்திருந்தார்கள். ஆகஸ்ட் 1 காலை சந்தை திறந்ததும் பழைய நிரல் விழித்துக்கொண்டு நிறுத்தாமல் ஆர்டர் போட்டது. சுமார் 45 நிமிடங்களில் 40 லட்சம் வணிகங்கள். 46 கோடி டாலருக்கு மேல் நட்டம்.

சந்தை திறக்கும் முன்பே, பிழையைச் சுட்டும் 97 மின்னஞ்சல்களை அவர்களது கணினி அனுப்பியிருந்தது. யாரும் அவற்றை எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை. பதற்றத்தில் மற்ற 7 சர்வர்களிலிருந்தும் புது நிரலை நீக்கினார்கள். அவற்றிலும் பழைய நிரல் உயிர்பெற்று, நிலைமை மோசமானது. எந்த சர்வரில் எது ஓடுகிறது என்று தெரியாமல் கைவைத்ததன் விளைவு அது.

நம் பில்லுக்கு வருவோம். இரண்டு சர்வர்கள் இருந்தால் பொது முகவரியில் கேட்பது ஏமாற்றும். ஒவ்வொரு முறையும் எது பதில் சொல்கிறது என்று தெரியாது. ஒரு லோடுக்கு 26.5, அடுத்த லோடுக்கு 26 என்று பில் மாறி மாறி வந்தால், ஒரு சர்வர் விட்டுப்போயிருக்கலாம் என்று முதலில் சந்தேகப்படலாம். ஒவ்வொன்றின் தனி முகவரியிலும் கேட்டால் தெரிந்துவிடும்.

பதிப்பு சரியாக இருந்தும் பில் தவறாக வரலாம். திருத்தம் ஒரு சுவிட்சுக்குப் பின்னால் இருந்து, அந்த சுவிட்ச் அணைந்திருக்கலாம். எடைமேடைப் பிரவுசர் நேற்றைய கோப்பையே வைத்திருக்கலாம். ஆகவே கடைசிச் சோதனை எடைமேடைக் கணினியிலேயே நடக்க வேண்டும்: 10 டன், 26.5 பாயிண்ட், 300 ரூபாய் என்று ஒரு மாதிரி பில் போட்டுப் பார்த்து, உடனே ரத்து செய்ய வேண்டும்.

பிறகு அட்டையில் எழுதலாம்: இரண்டு சர்வரிலும் `9f3c2a1`, காலை 7:40, எடைமேடை மாதிரி பில் 79,500. அதன் பிறகு அட்டை ‘முடிந்தது’ பத்தியில் இருக்கட்டும்.