கப்பல் வராத வாரம்

திருப்பூரில் பின்னலாடை தைத்து ஐரோப்பாவுக்கு அனுப்பியவர்களுக்கு 2004 வரை டிசம்பர்தான் பயமான மாதம். மேலை நாடுகள் கோட்டா வைத்து ஆடை வாங்கிய காலம் அது. ஒதுக்கிய கோட்டா ஆண்டு முடிவோடு காலாவதியாகிவிடும் என்பதால், மாதக் கடைசியில் தையல் மெஷின்கள் இரவு பகலாக ஓடும். அப்போதைய ஓட்டமெல்லாம் சரக்கைத் துறைமுகத்துக்குக் கொண்டுசேர்க்கும் ஓட்டம். கண்டெய்னர் தூத்துக்குடிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டால் மூச்சு விடலாம். அங்கிருந்து சிறிய ஃபீடர் கப்பல் கொழும்புக்குக் கொண்டுபோகும், கொழும்பில் தாய்க்கப்பல் ஏற்றிக்கொள்ளும். தாய்க்கப்பல் வாரம் ஒருமுறை குறித்த கிழமையில் வரும். ஒருநாள் இருநாள் பிந்தலாம், ஆனால் வரும் என்பதில் நம்பிக்கை இருந்தது.

இந்த ஓட்டத்தை நிறுத்தக்கூடியதென்று எல்லோரும் அறிந்த ஒன்று வேலைநிறுத்தம். அது வரும்போது சொல்லிக்கொண்டு வரும். 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறு சட்டப்படி பெருந்துறைமுக வேலை பொதுப் பயன்பாட்டுச் சேவையாக இருந்தது. நோட்டீஸ் கொடுத்து 14 நாள் கழியாமல் வேலைநிறுத்தம் செய்யக் கூடாது. அந்த இரண்டு வாரத்தில் சரக்கை முன்னதாக அனுப்பலாம், இல்லையென்றால் கிடங்கிலேயே வைத்துக்கொள்ளலாம். பேச்சுவார்த்தை நடக்கும் செய்தி நாளிதழில் வரும். யாரிடம் கேட்பது, யார் முடிவெடுப்பார் என்பதும் தெரியும்.

அந்த வழக்கம் இன்றும் மாறவில்லை. 2024 ஆகஸ்ட் 28 முதல் இந்தியப் பெருந்துறைமுகத் தொழிலாளர்கள் காலவரையற்ற வேலைநிறுத்தம் அறிவித்தார்கள். முந்தைய நாள் ஊதிய உடன்பாடு ஏற்பட்டு அது கைவிடப்பட்டது. அதே ஆண்டு அக்டோபர் 1 அன்று அமெரிக்கக் கிழக்குக் கரையிலும் வளைகுடாக் கரையிலும் துறைமுகத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். 1977க்குப் பிறகு அவர்களுடைய சங்கம் அந்தக் கரை முழுக்க நடத்திய முதல் வேலைநிறுத்தம் அது, மூன்று நாளில் நின்றது. அவர்களுடைய ஒப்பந்தம் செப்டம்பர் 30 நள்ளிரவில் முடிகிறது என்பது ஆண்டுக்கணக்கில் தெரிந்த தேதி. அதைக் காலண்டரில் குறித்துவைத்த இறக்குமதியாளர்கள் கோடையிலேயே சரக்கை வரவழைத்தார்கள், சிலர் மேற்குக் கரைக்குத் திருப்பினார்கள். வேலைநிறுத்தம் கடுமையானதுதான், ஆனால் அதற்குத் தேதி உண்டு.

இன்று திருப்பூரின் சரக்கை மாட்டவைப்பது பெரும்பாலும் தேதியில்லாத இன்னொன்று. வேலை செய்ய ஆள் இருக்கிறது, கிரேன் இருக்கிறது, பெட்டி தயாராக இருக்கிறது, கப்பலைக் காணோம். கப்பல் கம்பெனி அந்த வாரத்துப் பயணத்தையே ரத்து செய்துவிட்டது. தொழிலில் இதை பிளாங்க் செய்லிங் என்கிறார்கள். இதற்குச் சட்டப்படி நோட்டீஸ் காலம் எதுவும் கிடையாது. ஃபார்வர்டரிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வரும், அவ்வளவுதான்.

ஏன் ரத்து செய்கிறார்கள் என்பதில் ஒரு எளிய கணக்கு இருக்கிறது. ஆசியாவிலிருந்து வட ஐரோப்பாவுக்குப் போய்த் திரும்ப ஒரு கப்பலுக்கு 84 நாள் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். வாரம் ஒரு கப்பல் புறப்பட வேண்டுமானால் 12 கப்பல் வேண்டும். 2023 நவம்பரில் செங்கடலில் கேலக்ஸி லீடர் கப்பல் கைப்பற்றப்பட்டது. தொடர்ந்து நடந்த தாக்குதல்களால் பெரிய கம்பெனிகள் சூயஸை விட்டு நன்னம்பிக்கை முனையைச் சுற்றத் தொடங்கின. போக ஏறத்தாழ பத்து நாள், வரப் பத்து நாள் கூடுதல். சுற்று 104 நாளாகிவிடும்போது வாரம் தவறாமல் ஓட்ட 15 கப்பல் வேண்டும். கம்பெனியிடம் 12தான் இருந்தால் 15 வாரத்தில் மூன்று வாரம் வெற்று வாரம். எந்த வாரம் என்பதை அவர்கள்தான் முடிவு செய்கிறார்கள்.

இன்னொரு காரணம் வணிகம். சரக்கு குறைந்து வாடகை விழும்போது, வாடகையைத் தாங்கிப்பிடிக்கவும் பயணத்தை ரத்து செய்வார்கள். சீனப் புத்தாண்டுக்கும் அக்டோபர் முதல் வாரத்து விடுமுறைக்கும் பிறகு இது வழக்கமாக நடக்கிறது. கொழும்புக்கு வரும் பல தாய்க்கப்பல்கள் சீனத் துறைமுகங்களில் தொடங்குகின்றன. அங்கே விடுமுறையில் ரத்தான கப்பல், ஏறத்தாழ இரண்டு வாரம் கழித்துக் கொழும்பில் இல்லாமல் போகிறது. திருப்பூரில் ஆர்டர் உச்சத்தில் இருக்கலாம், சரக்கு மலையாகக் குவிந்திருக்கலாம், அந்தக் கணக்கில் அதற்கு இடமில்லை. அதனால் ஏற்றுமதியாளரின் சுவர்க் காலண்டரில் தீபாவளி பொங்கலோடு சீன விடுமுறைகளும், அவற்றிலிருந்து இரண்டு வாரம் தள்ளிய தேதிகளும் இருந்தாக வேண்டும்.

கப்பல் வராது என்பதை மின்னஞ்சலுக்கு முன்பே கண்டுபிடிக்கவும் வழி உண்டு. புக்கிங் தாளில் பெரும்பாலும் ஃபீடர் கப்பலின் பெயர்தான் கண்ணில் படும். அது போதாது, கொழும்பில் ஏற்றப்போகும் தாய்க்கப்பலின் பெயரையும் பயண எண்ணையும் கேட்டு வாங்க வேண்டும். பெயர் தெரிந்தால் அது எந்தக் கடலில் இருக்கிறது என்பதை எவரும் இணையத்தில் பார்க்கலாம். சிங்கப்பூரிலிருந்து கொழும்புக்குச் சுமார் நான்கு நாள். திங்களன்று கொழும்பில் இருக்க வேண்டிய கப்பல் முந்தைய வெள்ளிக்கிழமையும் சீனத் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரமிட்டு நின்றால், அட்டவணை என்ன சொன்னாலும் அது வரப்போவதில்லை. பெயரே இன்னும் முடிவாகவில்லை என்று பதில் வந்தால் அதுவும் ஓர் எச்சரிக்கை.

ஒரு சரக்கைக் கற்பனையாக எடுத்துக்கொண்டு பார்க்கலாம். ஹாம்பர்க் வாங்குநருக்கு நாற்பதடிப் பெட்டி ஒன்று. பணம் எல்.சி. வழியாக, ஏற்றுமதிக்குக் கடைசி நாள் ஏப்ரல் 30. தூத்துக்குடி ஃபீடருக்கு ஏப்ரல் 22 கட்-ஆஃப், 24 புறப்பாடு. கொழும்பில் 28 அன்று தாய்க்கப்பல். ஏப்ரல் 20 காலையில் தாய்க்கப்பல் ரத்து என்று செய்தி வருகிறது.

முதலில் எழும் கேள்வி: பெட்டி இப்போது எங்கே இருக்கிறது? தொழிற்சாலையிலேயே இருந்தால் எல்லா வழியும் திறந்திருக்கிறது. துறைமுகத்துக்குள் போய்விட்டால், திரும்ப எடுக்கச் சுங்கத்துறை அனுமதி, ஷிப்பிங் பில் திருத்தம், டெர்மினல் கட்டணம் என்று நாள்கள் கரையும். ஆகவே தாய்க்கப்பல் உறுதியாகும்வரை லாரியை அனுப்பாமல் இருப்பது, கட்-ஆஃப் இடம்கொடுக்கும் அளவில், பெரிய பாதுகாப்பு.

ரத்துச் செய்தி வந்தபின்னும் பெட்டியை ஃபீடரில் ஏற்றிவிடுவது ஒரு வழி. கொழும்பில் மாற்றி ஏற்றுவதை எல்.சி. ஏற்றால், தூத்துக்குடியில் ஃபீடரில் ஏற்றிய தேதிதான் பில் ஆஃப் லேடிங்கின் ஏற்றுமதித் தேதி. ஏப்ரல் 24 என்று தாள் வந்துவிடும், வங்கியில் பணமும் வரும். ஆனால் பெட்டி கொழும்பு யார்டில் நிற்கும். அடுத்த வாரக் கப்பலில் இரண்டு வாரத்துச் சரக்கு போட்டி போடும், இடமில்லை என்று மீண்டும் தள்ளிவைக்கப்படலாம். அங்கிருந்து முனையைச் சுற்றி ஹாம்பர்க் போக முப்பது நாளையொட்டி ஆகும். தாள் சுத்தம், சரக்கு தாமதம். அடுத்த சீசன் ஆர்டர் அந்த வாங்குநரிடமே எதிர்பார்க்கிறவர் இதை அவரிடம் மறைக்காமல் சொல்லிவிட்டுத்தான் செய்ய வேண்டும்.

ஃபீடரும் ஏற்ற மறுத்தால் நிலைமை வேறு. அப்போது தேதியே போகிறது. துறைமுகத்தில் வேலைநிறுத்தம், கப்பல் ரத்து என்று என்ன காரணம் சொன்னாலும் எல்.சி.யின் கடைசி நாள் தானாக நீளாது. வாங்குநர் தன் வங்கி மூலம் திருத்தம் அனுப்ப வேண்டும், அதற்குச் சில நாள் பிடிக்கும். ஏப்ரல் 20 அன்றே கேட்டால் கிடைக்கும். 29 அன்று கேட்டால் கெஞ்சலாகிவிடும். இடையில் கொச்சி வழியாக நேரடிக் கப்பல் கிடைத்தால் பெட்டியை அங்கே திருப்பலாம். ஆனால் எல்.சி.யில் ஏற்றுமதித் துறைமுகம் ‘தூத்துக்குடி’ என்று மட்டும் இருந்தால் கொச்சித் தாளை வங்கி ஏற்காது. ‘இந்தியாவின் எந்தத் துறைமுகமும்’ என்று தொடக்கத்திலேயே எழுதி வாங்கியவருக்கு மட்டும்தான் இந்த வழி. அவசரமாக வேண்டிய சைஸ்களை மட்டும் பிரித்து விமானத்திலோ, கடல் வழியாக துபாய் கொண்டுபோய் அங்கிருந்து விமானத்திலோ அனுப்புவது இன்னொரு வழி. அதற்கும் பகுதி பகுதியாக அனுப்பக் கூடாது என்ற வாசகம் எல்.சி.யில் இல்லாதிருக்க வேண்டும்.

அந்த விமானச் செலவு யாருடையது? இங்கேதான் சிறிய தொழிற்சாலைகள் நொறுங்குகின்றன. திருப்பூரின் பழைய வழக்கம் எஃப்.ஓ.பி. வாங்குநரே கப்பலையும் ஃபார்வர்டரையும் தேர்ந்தெடுப்பார், வாடகையும் கொடுப்பார். ஆனால் சரக்கு கப்பலில் ஏறும்வரை பொறுப்பு விற்பவருடையது. கப்பல் தவறாமல் வந்த காலத்தில், துறைமுக வாசலுக்கும் கப்பலுக்கும் நடுவில் இருந்த அந்த ஓரிரு நாளை யாரும் பொருட்படுத்தவில்லை. இன்று அது இரண்டு மூன்று வாரமாக நீள்கிறது. வாங்குநர் தேர்ந்தெடுத்த கப்பல் வரவில்லை, காத்திருப்புச் செலவும் தாமதத் தள்ளுபடியும் தைத்தவர் தலையில் விழுகின்றன. எஃப்.சி.ஏ. என்று ஒப்பந்தம் போட்டால், குறித்த இடத்தில் ஃபார்வர்டரிடம் சரக்கை ஒப்படைத்த உடனே விற்பவரின் பொறுப்பு முடிகிறது. கண்டெய்னர் சரக்குக்கு எஃப்.சி.ஏ.தான் பொருத்தம் என்று இன்கோடெர்ம்ஸ் விதிகளே சொல்கின்றன. சொற்ப லாபத்தில் தைக்கிறவர்கள் இன்னும் பழக்கத்தால் எஃப்.ஓ.பி. போட்டுக்கொண்டிருப்பது எனக்கு மிகுந்த வேதனை தருகிறது. அதை மாற்ற முடியாத இடத்தில் குறைந்தபட்சம், சரக்கு தயார் என்று தேதியுடன் மின்னஞ்சல், ஒப்படைத்ததற்கு ஃபார்வர்டரின் ரசீது, ரத்துச் செய்தியின் நகல் ஆகிய மூன்றும் கோப்பில் இருக்க வேண்டும்.

காப்பீடு காப்பாற்றும் என்று நினைப்பவர்கள் உண்டு. சரக்குக் காப்பீட்டில் மிக அகலமான ‘ஏ’ பிரிவு வாசகம்கூடத் தாமதத்தால் வரும் இழப்பை வெளிப்படையாக விலக்குகிறது. வேலைநிறுத்தத்துக்கென்று தனியாக வாங்கும் வாசகமும், வேலைநிறுத்தக்காரர்கள் சரக்கைச் சேதப்படுத்தினால்தான் பணம் தரும். ஆள் வேலைக்கு வராததால் பெட்டி கிடந்தது என்றால் தராது. கப்பல் கம்பெனியிடமும் கேட்க முடியாது. குறித்த நாளில் சேர்ப்பேன் என்று பில் ஆஃப் லேடிங் வாக்குத் தருவதில்லை. தேவைப்பட்டால் வேறு துறைமுகத்தில் இறக்கும் உரிமையைக்கூட அதன் பின்பக்கத்துச் சிறிய எழுத்து அவர்களுக்குக் கொடுத்திருக்கிறது. புக்கிங் செய்த பெட்டியைக் கொண்டுவராத ஏற்றுமதியாளரிடம் கட்டணம் கேட்கும் வழக்கம் உள்ள தொழிலில், கப்பலைக் கொண்டுவராதவருக்கு எதுவும் இல்லை. இது நியாயமில்லை என்று சொல்வதில் எனக்குத் தயக்கமில்லை.

கப்பல்கள் முழுவீச்சில் சூயஸுக்குத் திரும்பும் நாளிலும் ஒரு சிக்கல் காத்திருக்கிறது. முனையைச் சுற்றி முன்னரே புறப்பட்ட கப்பலும், பின்னால் புறப்பட்டு சூயஸ் வழியாக வந்த கப்பலும் ஒரே வாரத்தில் ஐரோப்பியத் துறைமுகங்களில் சேரும். இறக்க இடமின்றி நிற்கும் கப்பல்கள் ஆசியாவுக்கு நேரத்தில் திரும்பாது, கொழும்பில் மறுபடி வெற்று வாரங்கள் வரும். திருப்பம் அறிவிக்கப்பட்ட உடனே, ஹாம்பர்க்கில் பெட்டியை எடுக்கத் தரும் இலவச நாள்களை வாங்குநர் கப்பல் கம்பெனியிடம் கூட்டிக் கேட்டுக்கொள்வது நல்லது. அடுத்த இரண்டு மாதத்து ஆர்டர்களின் எல்.சி. தேதிகளை விற்பவர் இரண்டு வாரமாவது தள்ளி வாங்க வேண்டும்.